30 நாள் செல்லும் என்று எழுதிக் கொடுத்த கொட்டேஷனை 12 நாளில் வாபஸ் வாங்கலாமா?

கேள்வி: நான் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். கம்பி சப்ளையர் ஒருவர் மார்ச் 3ஆம் தேதி 40 டன் டிஎம்டி கம்பிக்கு, டன் 58,000 ரூபாய் என்று கொட்டேஷன் தந்தார். "30 நாட்கள் செல்லும்" என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதை நம்பித்தான் வீட்டுக்காரரிடம் மொத்தத் தொகை சொன்னேன். 15ஆம் தேதி காலை, "ரேட் ஏறிவிட்டது, பழைய கொட்டேஷன் ரத்து, இனி 62,000" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டது 16ஆம் தேதி. அன்றே பழைய ரேட்டுக்கு பி.ஓ., அதாவது பர்ச்சேஸ் ஆர்டர், அனுப்பினேன், மறுக்கிறார். கேஸ் போடலாமா? அடுத்த முறை இப்படி மாட்டாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொன்ன தேதிகளை வைத்துப் பார்த்தால் கேஸ் நிற்காது. கோபம் நியாயம்தான், ஆனால் சட்டம் இந்த இடத்தில் சப்ளையர் பக்கம்.

"30 நாட்கள் செல்லும்" என்ற வரியை எல்லோரும் வாக்குறுதியாகப் படிக்கிறோம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 அதை வேறு மாதிரி பார்க்கிறது. ஒருவர் தந்த முன்மொழிவை, நீங்கள் ஏற்றுக்கொண்டு அந்த ஏற்பை அனுப்பி முடிக்கிறவரை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது 5ஆம் பிரிவு. அந்த 30 நாளுக்கு அர்த்தம், 30 நாள் கழிந்தால் கொட்டேஷன் தானாகவே செத்துவிடும் என்பது மட்டும்தான் (இது 6ஆம் பிரிவு). அதுவரை உயிரோடு வைத்திருப்பேன் என்ற உறுதி அதற்குள் இல்லை. அப்படியே இருந்தாலும், அந்த உறுதிக்கு நீங்கள் பதிலுக்கு எதுவும் கொடுக்கவில்லை, பிரதிபலன் இல்லாத வாக்கு பொதுவாகச் செல்லாது என்று 25ஆம் பிரிவு சொல்கிறது.

இது பழைய வழக்கு. 1874 ஜூனில் இங்கிலாந்தில் டாட்ஸ் என்பவர் தன் சொத்தை 800 பவுண்டுக்கு டிக்கின்சனுக்குத் தருவதாகவும், வெள்ளி காலை 9 மணி வரை காத்திருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார். அதற்குள்ளேயே வேறொருவருக்கு விற்க ஒத்துக்கொண்டார். வெள்ளி வரை காத்திருப்பேன் என்பது பிரதிபலனில்லாத வெறும் பேச்சு, அவரைக் கட்டாது என்று 1876இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே டிக்கின்சனுக்கு விஷயம் மூன்றாவது ஆள் மூலமாகத்தான் காதுக்கு வந்தது. நம் சட்டத்தின் 6ஆம் பிரிவு முன்மொழிந்தவர் அறிவிப்பு தர வேண்டும் என்கிறது, அதனால் கடைத்தெருப் பேச்சு இங்கே ரத்து ஆகிவிடாது என்று வாதிட இடம் உண்டு. உங்கள் சப்ளையர் நேராக உங்களுக்கே எழுதிவிட்டாரே.

தேதிகளைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால் எல்லாமே மாறும். திரும்பப் பெறும் செய்தி உங்களைப் பொறுத்தவரை முழுமையாவது அது உங்களுக்குத் தெரியவரும்போது. ஆனால் தபாலில் அனுப்பும் ஏற்பு அவரைப் பொறுத்தவரை முழுமையாவது அது உங்கள் கையைவிட்டுப் போகும்போதே. ஆக, 14ஆம் தேதி பி.ஓ.வை ஸ்பீட் போஸ்டில் போட்டிருந்தால், 15ஆம் தேதி வந்த வாட்ஸ்அப் ஒன்றும் செய்திருக்காது, அவருக்கு உங்கள் தபால் 18ஆம் தேதிதான் கிடைத்திருந்தாலும் சரி. போனில் சொல்லும் ஏற்புக்கு இது பொருந்தாது, அவர் காதில் விழுந்தால்தான் ஏற்பு என்று 1966இல் உச்ச நீதிமன்றம் கேடியா வழக்கில் தீர்த்திருக்கிறது. இமெயில், வாட்ஸ்அப் விஷயத்தில் வாதம் வரலாம். அதனால் அனுப்பிவிட்டு, கிடைத்ததாக ஒரு வரி பதில் வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

இன்னொரு கண்ணிவெடி. "57,000 ஆக்குங்கள், இப்போதே எடுத்துக்கிறேன்" என்று எழுதினால் அது எதிர் முன்மொழிவு. அதோடு பழைய 58,000 போய்விடும், அவர் முடியாது என்ற பிறகு "சரி 58க்கே கொடுங்க" என்று நீங்கள் சொன்னால் அவர் மறுக்கலாம். "கொஞ்சம் குறைக்க வழியுண்டா?" என்பது வெறும் விசாரிப்பு, அதில் ஆபத்து குறைவு. அப்புறம் கொட்டேஷனிலேயே "விலை மாற்றத்துக்கு உட்பட்டது" என்று பொடி எழுத்தில் இருந்தால், அது முன்மொழிவே அல்ல, ஆர்டர் கேட்கும் அழைப்புதான் என்று அவர் வாதிட இடம் கிடைக்கிறது. பின்பக்கத்தையும் படியுங்கள்.

இனி அடுத்த முறைக்கு. கொட்டேஷனைத் திறந்து வைப்பதற்கே தனியாக விலை கொடுங்கள். இதற்குப் பெயர் ஆப்ஷன் ஒப்பந்தம். கம்பி வாங்குவது இரண்டாவது ஒப்பந்தம், அது பின்னால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். முதல் ஒப்பந்தம், குறிப்பிட்ட நாள் வரை விலையை மாற்ற மாட்டேன் என்பது மட்டும். 40 டன் 58,000 வீதம் 23,20,000 ரூபாய். இதற்கு 10,000 ரூபாய் ஆப்ஷன் கட்டணம் என்றால் அரை சதவீதத்துக்கும் குறைவு. நீங்கள் இழந்ததோ டன்னுக்கு 4,000 வீதம் 1,60,000. சட்டப்படி ஒரு ரூபாய் கூடப் போதும், பிரதிபலன் போதுமானதா என்று நீதிமன்றம் கணக்குப் பார்க்காது. இங்கிலாந்தில் ஒரு பவுண்டு வாங்கிக்கொண்டு 10,000 பவுண்டு வீட்டுக்கு ஆறு மாத ஆப்ஷன் கொடுத்தவர் பின்வாங்கப் பார்த்து 1975இல் தோற்றார். ஆனால் நம்மூர் சப்ளையர் ஒரு ரூபாய்க்கு எழுதித் தர மாட்டார், தந்தாலும் பணம் கைமாறவே இல்லை என்பார். அதனால் வங்கி அல்லது யுபிஐ வழியாக அனுப்பி, குறிப்பில் "ஆப்ஷன் கட்டணம்" என்று போடுங்கள்.

எழுத்து நீளமாக வேண்டாம். அவருடைய லெட்டர்ஹெட்டில் இப்படி ஒன்று இருந்தால் போதும்:

"ரூ. 10,000 பெற்றுக்கொண்டதற்குப் பதிலாக, 40 டன் வரை டிஎம்டி கம்பியை டன் ரூ. 58,000 வீதம், ஜிஎஸ்டி தனி, தர ஏப்ரல் 2 மாலை 6 மணி வரை இந்த விலைப்புள்ளியைத் திரும்பப் பெறவோ மாற்றவோ மாட்டேன். கீழ்க்கண்ட இமெயிலுக்கு அதற்குள் வந்து சேரும் எழுத்துப்பூர்வ ஆர்டர் என்னைக் கட்டும். ஆர்டர் வந்தால் இத்தொகை பில்லில் கழிக்கப்படும். வராவிட்டால் திருப்பித் தரப்படாது."

கம்பியின் கிரேடு, விட்டம், டெலிவரி இடம் எல்லாம் கொட்டேஷனில் இருக்கட்டும், அதன் எண்ணைக் குறிப்பிட்டால் போதும். கடைசி வாக்கியத்தைச் சிலர் எடுத்துவிடச் சொல்வார்கள், "எடுக்கலேன்னா ரிட்டர்ன் தர்றேன் சார்" என்று இனிமையாகத்தான் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். எப்படியும் திரும்பி வரும் பணம் பிரதிபலனே இல்லை என்று பின்னால் வாதம் வரும். மணி நேரத்தைக் குறிப்பிடுவதும் முக்கியம், ஏனென்றால் ஆப்ஷனில் காலக்கெடு கறாரானது. 6:10க்குப் போன ஆர்டருக்குச் சலுகை எதிர்பார்க்காதீர்கள்.

ஆப்ஷன் எழுதிய பிறகும் 12ஆம் நாளில் அவர் "ரத்து" என்று செய்தி போட்டால்? அந்த ரத்து செல்லாது. பதற்றத்தில் புது ரேட்டுக்கு ஒத்துக்கொள்ளாமல், கெடுவுக்குள் ஆர்டரை அனுப்பிவிடுங்கள், அப்போது ஒப்பந்தம் உருவாகிவிடும். அவர் தராவிட்டால், கால தாமதமில்லாமல் வேறு இடத்தில் அன்றைய சந்தை விலைக்கு வாங்கி, பில்லை வைத்துக்கொண்டு, வித்தியாசத்தை 73ஆம் பிரிவின்படி இழப்பீடாகக் கேட்கலாம். நீங்கள் இரண்டு மாதம் சும்மா இருந்து விலை இன்னும் ஏறினால், அந்தக் கூடுதல் ஏற்றத்தை அவர் தலையில் கட்ட முடியாது.

வீட்டுக்காரரிடம் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் ஒரு கடைசி நாள் போட்டுக்கொள்ளுங்கள், அது சப்ளையரின் ஆப்ஷன் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் இருக்கட்டும்.