ஒரே வியாதிக்கு அன்று நார் வேண்டாம், இன்று நார் வேண்டும் என்றால்?

என் ஆத்தாவுக்கு 66 வயது. ரொம்ப வருஷமாக மலச்சிக்கல் உண்டு. போன மாதம் இடது அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் வந்தது. ஸ்கேனில் பெருங்குடலில் டைவர்டிகுலா என்ற சின்னப் பைகள் இருப்பதாகவும், அதில் ஒன்று அழற்சி கண்டிருப்பதாகவும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நார்ச்சத்தே கொடுக்காதீர்கள் என்றார்கள். இப்போது வலி இல்லை. நார்ச்சத்து நிறையக் கொடுங்கள் என்கிறார்கள். எதைக் கேட்பது? எள், கடலை, கொய்யா எல்லாம் விதை போய்ப் பைக்குள் சிக்கிவிடும் என்று பங்காளி வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, தேவகோட்டை

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். வலி இருந்த நாட்களுக்கு ஒரு சாப்பாடு, வலி விட்ட பிறகு வேறு சாப்பாடு. இந்த வித்தியாசத்தை டிஸ்சார்ஜ் சீட்டில் யாரும் விளக்கி எழுதுவதில்லை என்பதுதான் குறை.

பெருங்குடலின் தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டு ரத்தக் குழாய்கள் உள்ளே நுழையும் இடங்கள் இயல்பிலேயே பலவீனமானவை. குடலுக்குள் அழுத்தம் கூடும்போது, தேய்ந்த சைக்கிள் டயரின் வழியாக டியூப் புடைத்து வருவதுபோல, உள்சவ்வு அங்கே சின்னப் பையாகப் பிதுங்குகிறது. மலம் குறைவாகவும் கெட்டியாகவும் இருந்தால், குடல் இறுக்கிப் பிழிந்துதான் அதைத் தள்ள வேண்டும். ஆசனவாய்க்கு மேலே குடல் வளைந்து ஒடுங்கும் இடத்தில் இந்த அழுத்தம் அதிகம். உங்கள் ஆத்தாவுக்கு இடது பக்கம் வலித்ததும் அதனால்தான்.

நார் குறைந்த உணவே இதற்குக் காரணம் என்று பெயின்டர், பர்கிட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1971-ல் எழுதினார்கள். அது பல காலம் வேதவாக்காக இருந்தது. பின்னால் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்தவர்களை ஆராய்ந்தபோது, பை உருவாவதற்கும் மலச்சிக்கலுக்கும் அவ்வளவு நேரடித் தொடர்பு தெரியவில்லை. வயதுக்கும் பரம்பரைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆகவே "நீ கீரை சாப்பிடாததால்தான் வந்தது" என்று ஆத்தாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் இருக்கும் பைகள் அழற்சி காண்பது நார் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குக் குறைவு என்பது பெரிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. வந்த பைகளைச் சாப்பாட்டால் மறைய வைக்க முடியாது. அவை சீண்டப்படாமல் பார்த்துக்கொள்ளலாம்.

மறுபடி வலி வந்தால் என்ன கொடுப்பது என்று பார்ப்போம். முதலில் டாக்டரிடம் காட்டி, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் குடலுக்கு ஓய்வு. இளநீர், சோறு வடித்த கஞ்சி உப்புப் போட்டு, வடிகட்டிய காய்கறி சூப், புளியும் மிளகும் குறைத்து வடிகட்டிய ரசம் கொடுக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், வெறும் நீராகாரத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடும். அளவை டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர் வேண்டாம்.

வலி தணியத் தொடங்கியதும் குழைந்த வெள்ளைச் சோறும் மோரும், இட்லி, இடியாப்பம், அவித்த முட்டை, காரமில்லாமல் அவித்த மீன், தோலும் விதையும் நீக்கிய சுரைக்காய் என்று போகலாம். மற்ற நாளில் நாம் குறை சொல்லும் வெள்ளை அரிசி இந்த வாரத்துக்கு நல்ல பிள்ளை. கீரை, மொச்சை மண்டி, கொண்டைக்கடலை, கவுனி அரிசி எல்லாம் ஒதுங்கி இருக்கட்டும். நம் பக்கத்து வழக்கப்படி "வயிறு சுத்தமாகட்டும்" என்று விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ எனிமாவோ கொடுத்துவிடாதீர்கள். அழற்சி கண்ட குடலை வேகமாகப் பிசைந்தால் பை ஓட்டையாகிவிடலாம்.

இப்போது ஆத்தா இருக்கும் கட்டம் வேறு. வலியும் காய்ச்சலும் விட்டாகிவிட்டது. இனி ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் போய்ச் சேர வேண்டும். காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறும் கோழிக் குழம்பும் ஒரு அப்பளமும், மாலையில் வெள்ளைப் பணியாரம், இரவு இடியாப்பம் என்று ஒரு நாள் ஓடினால் 10 கிராம் தேறுவதே கஷ்டம். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் 1 கிராம்கூட இல்லை. அதே நாளில் மதியம் ஒரு கப் கீரை மசியல் சேர்த்தால் சுமார் 4 கிராம், மாலைப் பணியாரத்துக்குப் பதில் அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் சுமார் 6 கிராம், ஒரு கொய்யாப்பழம் என்றால் 5 கிராம் கூடும். சோற்றில் பாதியைத் தவிடு நீக்காத அரிசியாக மாற்றினால் கிட்டத்தட்ட வந்துவிடும். கவுனி அரிசியும் தவிடு உள்ளதுதான். ஆனால் நம் வீடுகளில் அதைச் சர்க்கரையும் நெய்யும் கொட்டித்தான் கிண்டுகிறோம், அதை நாரின் கணக்கில் சேர்க்காதீர்கள்!

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் வயிறு உப்பி, பழைய வலி திரும்பிவிட்டதோ என்று பயப்படுவீர்கள். முதல் நான்கைந்து நாள் கீரை மட்டும், அது ஒத்துக்கொண்டால் பழம், அதன் பிறகு சுண்டல் என்று மூன்று நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். வாயு மட்டும் என்றால் வயிறு பொதுவாக உப்பும், காற்றுப் பிரிந்தால் தணியும். அழற்சி என்றால் ஒரே இடத்தில் விடாமல் வலிக்கும், தொட்டாலும் நோகும். இதயம், சிறுநீரகத் தொந்தரவு இல்லை என்றால் தண்ணீர் இரண்டு லிட்டர் குடிக்கட்டும். நார் மட்டும் கூடி நீர் கூடவில்லை என்றால் சிக்கல் இறுகும். இசப்கோல் கொடுப்பதானால் ஒரு டீஸ்பூன், முழு டம்ளர் தண்ணீரோடு.

விதை பற்றிய பயத்தை விட்டுவிடலாம். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னோம். 2008-ல் அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து வெளியான ஆய்வில், கொட்டைகளும் சோளப்பொரியும் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு அழற்சி கூடவில்லை, குறைவாகவே இருந்தது. எள்ளுருண்டை, கடலை, கொய்யா எல்லாம் வலியில்லாத நாளில் தாராளம். விதையைவிட நான் பயப்படுவது முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத்தான். அவை பை ஓட்டையாவதற்கும் ரத்தம் கசிவதற்கும் வழி செய்யும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். இதயத்துக்கான ஆஸ்பிரின் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆட்டுக்கறி தினமும் வேண்டாம், கோழிக்கும் மீனுக்கும் அந்தத் தடை இல்லை.

காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினாலோ, வயிறு பலகை மாதிரி இறுகினாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கொட்டினாலோ, சிறுநீரில் காற்றுக் குமிழ் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தம் வலியே இல்லாமலும் போகும், அதனால் வலிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

ஆத்தாவுக்கு அண்மையில் கொலோனோஸ்கோப்பி செய்யவில்லை என்றால், வலி விட்டு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒருமுறை செய்துகொள்வது நல்லது. சில சமயம் புற்றுநோய் ஸ்கேனில் அழற்சி மாதிரியே தெரியும். அழற்சி இருக்கும்போது செய்தால் குடல் ஓட்டையாகும் அபாயம் உண்டு, அதனால்தான் இந்த இடைவெளி. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் கீரை, எள், கொய்யா எல்லாவற்றையும் மறுபடி நிறுத்தச் சொல்வார்கள். அப்போது குழம்பாதீர்கள், குடலில் ஒட்டியிருக்கும் விதை கேமராவை மறைக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.