பெராக்சைடு இருந்தும் HCl ஏன் திசை மாறுவதில்லை?

“கும்பகோணத்தில் பி.எஸ்சி. படிக்கிறேன். புரப்பீனுடன் HCl, பெராக்சைடு சேர்த்தால் 1-குளோரோபுரப்பேன் என்று எழுதியது தவறாம். HBr-க்கு மட்டும் ஏன் மாறுகிறது?”

பெராக்சைடு தொடங்கிவைக்கும் சங்கிலி வினையின் இரண்டு படிகளும் வெப்பத்தை வெளியிடுவது HBr-இல் மட்டுமே.

நீங்கள் முதல் படியோடு நின்றிருக்கலாம். புரோமின் அணு முனைக் கார்பனில் சேர்வதால், அதிக நிலைப்புள்ள ஈரிணையத் தனி உறுப்பு உருவாகிறது. குளோரின் அணுவும் அவ்வாறே எளிதில் சேரும். அந்தத் தனி உறுப்பு அடுத்த மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்தால்தான் சங்கிலி தொடரும்.

இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். புதிய C–H பிணைப்பு தருவது சுமார் 410 கிலோஜூல்/மோல். H–Br-ஐப் பிளக்க 366 போதும். H–Cl-க்கு 431 வேண்டும், ஆகவே அங்கே சங்கிலி தளர்ந்து, வழக்கமான அயனி வழியே முந்திக்கொண்டு 2-குளோரோபுரப்பேனைத் தருகிறது. H–I-க்கு 298 போதுமென்றாலும், C–I பிணைப்பு வலுவற்றது என்பதால் அயோடின் அணு சேரும் முதல் படியே வெப்பத்தைக் கொள்கிறது. அந்த அணுக்கள் தமக்குள் இணைந்து I₂ ஆகிவிடுகின்றன.

ஓர் எச்சரிக்கை: நம் டெல்டாக் கோடையில் காற்றுப்பட நெடுநாள் இருந்த திரவ ஆல்கீனில் பெராக்சைடு தானாகவே உருவாகியிருக்கலாம். HBr சேர்க்கும்போது சங்கிலியைத் தடுக்கும் ஹைட்ரோகுவினோன் சிறிது இட்டதும் விளைபொருள் மார்கோனிகாஃப் விதிக்குத் திரும்பினால், காரணம் அந்தப் பெராக்சைடுதான்.