‘பாதுகாப்புக் காரணங்களால் நிராகரிக்கப்பட்டது’: இந்தச் செய்தியை எப்படி மாற்றி எழுதுவது?

கேள்வி: நான் ஒரு சிறிய ஆன்லைன் கடையில் வாடிக்கையாளர் சேவையைப் பார்த்துக்கொள்கிறேன். கார்டு பேமெண்ட் நின்றுபோனால் எங்கள் தளம் அனுப்பும் செய்தி இதுதான்: “பாதுகாப்புக் காரணங்களால் தங்கள் பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது. தங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளவும்.” வங்கியைக் கூப்பிட்டவர்கள், “அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை என்கிறார்களே” என்று கோபமாகத் திரும்பி வருகிறார்கள். இதை எப்படி எழுதலாம்?

பதில்: வார்த்தையில் கை வைக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். வேண்டாம் என்று சொன்னது யார்? வங்கியா, நீங்களா?

பலர் இதைக் கேட்டதும் முழிப்பார்கள். “நாங்கள் எங்கே வேண்டாம் என்றோம், வியாபாரம் வேண்டாமென்று யாராவது சொல்வார்களா?” என்பார்கள். ஆனால் உங்கள் பேமெண்ட் கேட்வேயில் மோசடியைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று பெரும்பாலும் இருக்கும். பில்லிங் முகவரி பொருந்தவில்லை, ஒரே கார்டில் பல முறை முயற்சி, கார்டு ஒரு நாட்டுடையது ஆனால் ஆர்டர் வருவது வேறு நாட்டிலிருந்து என்று அதற்குச் சில விதிகள் உண்டு. கணக்குத் தொடங்கிய அன்று யாரோ டிக் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். அந்த விதியில் மாட்டும் ஆர்டரை நிறுத்துவது உங்கள் கடை. வங்கிக்கு அதில் பங்கே இல்லை. உங்கள் செய்தியோ எல்லோரையும் வங்கிக்கு அனுப்புகிறது. கோபத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். கேட்வேயின் பேனலில் அந்தப் பரிவர்த்தனையைத் திறங்கள். வங்கி மறுத்திருந்தால் வங்கியின் பதில் என்று 05, 59 மாதிரி ஒரு குறியீடு இருக்கும். வங்கி சம்மதித்திருந்தால் ஒப்புதல் எண் என்று ஆறு எழுத்து அல்லது இலக்கம் இருக்கும். ஒப்புதல் எண் இருந்தும் ஆர்டர் நின்றிருக்கிறது என்றால் நிறுத்தியது நீங்கள். இரண்டுமே இல்லாமல் தடுக்கப்பட்டது என்று மட்டும் காட்டினால், பெரும்பாலும் வங்கிக்குப் போகும் முன்பே உங்கள் வடிகட்டி பிடித்துவிட்டது என்று பொருள். அதுவும் நீங்கள்தான்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அம்மா வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் பரிசு அனுப்ப ஆர்டர் போட்டார். பில்லிங் முகவரி என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் மகளின் முகவரியையே அடித்துவிட்டார். வங்கி பணத்துக்குச் சம்மதம் சொல்லி, கூடவே முகவரி பொருந்தவில்லை என்ற குறிப்பையும் அனுப்பியது. எங்கள் வடிகட்டி அந்தக் குறிப்பைப் பார்த்து ஆர்டரை நிறுத்தியது. அவர் திரையில் தெரிந்தது உங்கள் செய்தி மாதிரியே ஒன்று. வங்கியைக் கூப்பிட்டார். “நாங்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டோமே” என்றார்கள், அது உண்மையும்கூட. சரி, இப்போது போகும் என்று இன்னும் நான்கு முறை முயன்றார். ஒவ்வொரு முறையும் வங்கி அந்தத் தொகையைப் பிடித்து வைத்தது, நாங்கள் ஒவ்வொரு முறையும் நிறுத்தினோம். ஐந்தாவது முயற்சி முடிந்தபோது ஐந்து மடங்குத் தொகை அவர் கணக்கில் முடங்கியிருந்தது. வேறு கடையில் மருந்து வாங்கப் போனால் அங்கே கார்டு வேலை செய்யவில்லை, இந்த முறை நிஜமாகவே வங்கி நிறுத்திவிட்டது. பொருள் ஒன்றும் கைக்கு வரவில்லை, பணமும் போன மாதிரி தெரிகிறது, இரண்டு பக்கமும் “எங்களிடம் பிரச்சினை இல்லை” என்கிறார்கள். அவர் எங்களைத் திருடர்கள் என்று சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை.

அதனால் ஒரு செய்தி போதாது, இரண்டு வேண்டும். நிறுத்தியது நீங்கள் என்றால் இப்படி எழுதலாம்:

“உங்கள் ஆர்டரை இப்போது எங்களால் ஏற்க முடியவில்லை. எங்கள் பாதுகாப்புச் சோதனையில் அது நின்றுவிட்டது. இதற்காக வங்கியை அழைக்க வேண்டாம், மீண்டும் மீண்டும் முயலவும் வேண்டாம். உங்கள் கணக்கில் தொகை குறைந்த மாதிரி தெரியலாம். அந்தப் பணத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, விடுவிக்கச் சொல்லிவிட்டோம். கணக்கில் அது திரும்பத் தெரியச் சில நாள் ஆகலாம். எங்கள் தளத்தில் உள்நுழைந்து ‘என் ஆர்டர்கள்’ பக்கத்துக்குப் போனால் எங்களுக்கு எழுதலாம். நாங்கள் சரிபார்த்துச் சொல்கிறோம்.”

“விடுவிக்கச் சொல்லிவிட்டோம்” என்ற வரியைச் சும்மா எழுதிவிடாதீர்கள். ஆர்டரை வடிகட்டி நிறுத்தியதும் பிடித்த தொகையைத் தானாகவே விடுவிக்கும் கேட்வே உண்டு. ஒப்புதலை யாராவது பேனலில் கையால் ரத்து செய்தால்தான் விடுவேன் என்று உட்கார்ந்திருக்கும் கேட்வேயும் உண்டு. உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் அந்த வரியைச் சேருங்கள்.

நிறுத்தியது வங்கி என்றால்:

“4821 என்று முடியும் உங்கள் கார்டில் பணம் செலுத்த முடியவில்லை. கார்டைக் கொடுத்த வங்கி இந்த முறை ஒப்புதல் தரவில்லை. உங்களிடமிருந்து பணம் எதுவும் எடுக்கப்படவில்லை. வங்கியின் செயலியில் உங்களிடம் ஒப்புதல் கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கார்டிலேயே அச்சிட்டிருக்கும் எண்ணில் வங்கியை அழைத்து, இந்த நேரத்தில் இந்தத் தொகைக்கு முயன்றது நீங்கள்தான் என்று சொல்லுங்கள். வங்கி சரி என்ற பிறகு மீண்டும் முயலலாம், அல்லது வேறு வழியில் பணம் செலுத்தலாம். நீங்கள் எடுத்து வைத்த பொருட்கள் நாளை இரவு 8 மணி வரை கூடையில் இருக்கும்.”

தொகை, நேரம், கடையின் பெயர் மூன்றையும் செய்தியின் தலையில் போடுங்கள். வங்கியில் எதிர்முனையில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான். கார்டின் கடைசி நான்கு இலக்கம் போதும், அதற்கு மேல் ஒரு இலக்கமும் வேண்டாம். கூடை எதுவரை இருக்கும் என்ற வரி சின்னதுதான். ஆனால் அது இருந்தால் ஆட்கள் பதறிப்போய் உடனே மறுபடி மறுபடி அழுத்துவதில்லை.

“பாதுகாப்புக் காரணங்களால்” என்பதைத் தூக்கிவிட்டேன், கவனித்திருப்பீர்கள். வங்கி எதற்காக மறுத்தது என்று பெரும்பாலான நேரம் உங்களுக்குத் தெரியாது. நான் பார்த்தவரை அதிகம் வரும் பதில் 05, திரையில் Do not honor என்று இருக்கும். ஏற்காதே, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரே 65 என்ற குறியீட்டுக்கு, அளவுக்கு மீறிய முறை பயன்படுத்தப்பட்டது என்றும் பொருள், சில நேரம் கூடுதல் அடையாளச் சோதனை வேண்டும் என்றும் பொருள். இத்தனை வருடத்தில் தெளிவாக நாலு வார்த்தை சொல்ல ஒரு வழி செய்யாமல் கடைக்காரரையும் வாடிக்கையாளரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். வங்கி சொல்லாததை நீங்கள் ஊகித்து எழுதி அந்தப் பழியையும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும், தெரிந்தும் சொல்லக்கூடாது. குறியீடு 41 என்றால் தொலைந்த கார்டு. 43 என்றால் திருடுபோன கார்டு. 59 என்றால் மோசடிச் சந்தேகம். இவற்றைப் பார்த்ததும் உதவும் எண்ணத்தில், “உங்கள் கார்டு திருடுபோனதாகப் பதிவாகியிருக்கிறது” என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். திரைக்கு முன்னால் இருப்பவர் கார்டுக்குச் சொந்தக்காரராகவும் இருக்கலாம், அதை எடுத்துப்போனவராகவும் இருக்கலாம். எடுத்துப்போனவருக்கு இது, “கண்டுபிடித்துவிட்டார்கள், அடுத்த கார்டுக்குப் போ” என்ற தகவல். சொந்தக்காரருக்கோ நடுராத்திரியில் ஒரு கடை சொல்லும் அதிர்ச்சிச் செய்தி. ஒருவேளை அவரே பழைய கார்டு தொலைந்தது என்று வங்கியில் சொல்லிவிட்டு, புதியது வந்தபின் மறதியில் பழையதைத் தளத்தில் விட்டுவைத்திருப்பார். மூன்று பேருக்கும் பொருந்துவது மேலே கொடுத்த வங்கிச் செய்திதான், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். உண்மையான சொந்தக்காரர் கார்டில் உள்ள எண்ணை அழைத்தால் வங்கி அவரை அடையாளம் கண்டு விஷயத்தைச் சொல்லும். இதே காரணத்தால்தான் “பின்னால் உள்ள மூன்று இலக்கம் தவறு” என்றும் எழுத வேண்டாம் என்கிறேன். திருட்டுக் கார்டு எண்களை வைத்துக்கொண்டு சிறு சிறு தொகையாகச் சோதித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எது தவறு என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் அதை மட்டும் மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஆனால் 51 வந்தால் அது கணக்கில் பணம் போதாதது, 54 வந்தால் கார்டின் காலாவதி. இவை பாதுகாப்பு விஷயமே இல்லை, அப்படியே சொல்லலாம்.

இனி நான் எங்கே போனாலும் சொல்லும் புலம்பல். உங்கள் செய்தியில் லிங்க் வைக்காதீர்கள், வங்கியின் போன் எண்ணையும் போடாதீர்கள். “உங்கள் கார்டு தடுக்கப்பட்டது, இங்கே அழுத்திச் சரிசெய்யுங்கள்” என்பது மோசடிக்காரர்களின் பழைய பல்லவி. நீங்களும் அதே ராகத்தில் பாடினால், அடுத்த முறை அவர்கள் அனுப்புவதை உங்கள் வாடிக்கையாளர் உங்களுடையது என்று நம்பி அழுத்துவார். அதனால்தான் “எங்கள் தளத்தில் உள்நுழைந்து” என்றும், “கார்டில் அச்சிட்டிருக்கும் எண்” என்றும் எழுதினேன். இரண்டும் செய்திக்கு வெளியே, அவர் கையிலேயே இருப்பவை.

இன்னொரு கூட்டம் உங்களைத் தேடியே வரும். “நிராகரிப்பைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்” என்று சொல்லும் இடைத்தரகர்கள். அவர்களில் சிலர் கையில் வைத்திருக்கும் வித்தை, வடிகட்டியை மொத்தமாக அணைத்துவிடுவது. முதல் மாதம் விற்பனை ஜோராக இருக்கும். அப்புறம் கார்டுக்காரர்கள் “இது நான் வாங்கியதல்ல” என்று வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெறுவார்கள், பொருளும் போய்ப் பணமும் போய் நீங்கள் நிற்பீர்கள். தரகர் தன் கமிஷனோடு எப்போதோ போயிருப்பார். வேறு சிலர், சரிபார்ப்புக்காகக் கார்டின் இரு பக்கத்தையும் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி ஒரு வார்ப்புரு கொடுப்பார்கள். கையில் வாங்கவே வாங்காதீர்கள். அந்த மூன்று இலக்க எண்ணைக் கடை சேமித்து வைப்பதையே கார்டுத் தரக்கட்டுப்பாடு தடை செய்கிறது. அது உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் கிடந்தால் பொறுப்பு உங்களுடையது.

இரண்டு செய்தியும் தயாரானதும் கேட்வேயின் சோதனை முறையில் ஓட்டிப் பாருங்கள். வங்கி மறுப்பதற்கும் வடிகட்டி தடுப்பதற்கும் தனித்தனிச் சோதனைக் கார்டு எண்களைப் பல கேட்வேகள் கொடுக்கின்றன. இரண்டுக்கும் சரியான செய்திதான் போகிறதா என்று உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள். அப்படியே ‘என் ஆர்டர்கள்’ பக்கத்தில் வரும் கடிதங்களை யார் படிக்கிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். நாங்கள் மாற்றி எழுதிய பிறகு, மூன்று வாரம் அந்தப் பெட்டியை யாருமே திறக்கவில்லை.