நடந்தே அண்ணாமலைக்கு: பாதம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

பதில் சொல்பவர் வேலூரில் பல ஆண்டுகள் மருத்துவக் காலணி செய்தவர். திருவண்ணாமலைக்கு நடந்து போகிறவர்களின் பாதங்களைப் பார்த்துப் பழகியவர்.

சத்துவாச்சாரி இளைஞர்: பௌர்ணமிக்குக் கிளம்பினேன். கண்ணமங்கலம் தாண்டுறதுக்குள்ள குதிகால்ல பெரிய கொப்புளம். புதுச் செருப்புதான். குத்தி விடலாமா?

தம்பி, கொப்புளம் வருவதற்கு முன்னாடி அந்த இடம் கொஞ்ச நேரம் எரிந்திருக்கும். அப்போதே உட்கார்ந்து, காலைத் துடைத்துக் காயவைத்து, பேப்பர் பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். வியர்வையில் ஊறிய தோல் செருப்போடு ஒட்டிக்கொண்டு இழுபடும். கொப்புளம் அதனால்தான். புதுச் செருப்பை இரண்டு மூன்று வாரம் போட்டு நடந்து பழக்காமல் இந்த வழியில் இறங்கக் கூடாது.

சின்னதாக இருந்தால் தொடாதீர்கள். காலை ஊன்றவே விடாத அளவுக்குப் பெரிதென்றால் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான புது ஊசியால் ஓரத்தில் குத்தி, நீரை மெல்ல அழுத்தி எடுங்கள். மேல்தோலைப் பிய்க்கவே கூடாது, உள்ளே இருக்கும் புண்ணுக்கு அதுதான் மூடி. சர்க்கரை இருக்கிறவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சர்க்கரை. வெறுங்கால்ல நடக்கிறதா வேண்டுதல். "எனக்குக் கால் வலியே வராதும்மா, வெறுங்கால்ல நடந்தா ரத்த ஓட்டமும் நல்லா இருக்கும்"னு சொல்றார். அனுப்பலாமா ஐயா?

நடப்பது ரத்த ஓட்டத்துக்கு நல்லது, அதுவரை அப்பா சொல்வது சரி. வலியே வராது என்கிறாரே, அதைக் கேட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டது இதைத்தான்: சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் ஒரே இடத்தை மறுபடி மறுபடி ஊன்றி நடந்தே புண்ணாக்கிக்கொண்டார்கள். சர்க்கரையில் மரத்துப்போன பாதமும் அப்படித்தான். முள் ஏறினாலும் தெரியாது, வெயிலில் காய்ந்த தார் ரோடு சுட்டாலும் தெரியாது.

கிளம்பும் முன் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது. உணர்வு குறைந்திருந்தால் வெறுங்கால் வேண்டாம்மா. பின்வார் வைத்த, மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பைப் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்து, முதல் நாள் அரை மணி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குங்கள்.

வழியில் மணிக்கு ஒரு தடவை உட்காரச் சொல்லுங்கள். கூட வருகிறவர் இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரல் அடிமேடு, சுண்டுவிரல் அடி, குதிகால், இந்த இடங்கள் முக்கியம். வலது பெருவிரல் மேடு இடதைவிடச் சூடாக இருந்தால் உள்ளே அடிபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கால் மணி ஓய்வுக்குப் பிறகும் சூடு இறங்காவிட்டால், போளூர் என்றாலும் கலசபாக்கம் என்றாலும் அன்றைக்கு அங்கேயே பஸ் ஏறிவிட வேண்டும். ராத்திரி காலை வெந்நீரில் வைக்காதீர்கள். கொதிக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் தோல் வெந்துவிடும்.

ஆரணிப் பெரியவர்: நாங்க கழனியில வெறுங்கால்ல வளர்ந்தவங்க. பாதம் தானா பழகிடும். ஊருக்கெல்லாம் செருப்பு எதுக்கு?

உங்கள் பாதத்துக்கு அது சரிங்க ஐயா, உணர்வும் இருக்கிறது, தோலும் தடித்திருக்கிறது. ஆபீஸில் ஷூ போட்டே இருந்தவருக்கு அந்தத் தோல் வர பல வாரம் ஆகும். தடித்த தோலிலும் பித்தவெடிப்பு ஆழமாக இருந்தால் அதன் வழியே சீழ் பிடிக்கும். ராத்திரி ஊறவைத்துத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி வெடிப்பை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

ராணிப்பேட்டை அம்மா: எனக்குக் காலையில எழுந்து காலை ஊன்றினதும் குதிகால் குத்துது. நீங்க சொன்ன மாதிரி தொட்டுப் பார்த்தேன், சூடு இல்ல. அப்போ நடக்கலாம்தானே?

அந்தச் சோதனை மரத்த காலுக்கு அம்மா, உங்களுக்கு அல்ல. முதல் அடியில் குத்தி, நாலு அடி நடந்ததும் குறைகிறதென்றால் பெரும்பாலும் உள்ளங்கால் நார் இழுபட்டிருக்கும். சுவரைப் பிடித்து, வலிக்கிற காலைப் பின்னால் நீட்டி, குதி தரையில் பட அரை நிமிடம் நில்லுங்கள். தினம் சில தடவை செய்யுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். குறைய வாரக்கணக்கில் ஆகும், இந்தப் பௌர்ணமியை விட்டுவிடுவதே நல்லது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு விஷயம். தைலம் போட்டு நீவாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

குடியாத்தம் மகள்: அப்பா செருப்புக்குச் சம்மதிச்சுட்டார். ஆனா கிரிவலம் 14 கிலோமீட்டரும் வெறுங்கால்லதான் போவேன்னு நிக்கிறார்.

உணர்வுச் சோதனை முடிவு தெரியாமல் நான் சரி என்று சொல்ல மாட்டேன். உணர்வு நன்றாக இருந்தால் வெயில் தணிந்த பிறகு போகட்டும், நீங்களும் கூடப் போங்கள். இல்லையென்றால் வேண்டுதலை எப்படி நிறைவேற்றுவது என்று கோயில் குருக்களிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். அதை முடிவு செய்ய நான் ஆள் இல்லை.