ஆயரிடம் நேர்காணல் கேட்கும் கடிதம்

"கல்லூரி இதழில் சமூகப் பணி பற்றிக் கட்டுரை எழுத, எங்கள் மறைமாவட்ட ஆயரிடம் நேர்காணல் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரமாகியும் பதில் இல்லை. எங்கே தவறினேன்?"

தங்கள் மடலை முதலில் படிப்பவர் பெரும்பாலும் ஆயரின் செயலரான குருவானவர்தான். நாட்குறிப்பில் நேரம் குறிக்க அவருக்குத் தேவையானவை கடிதத்தில் இல்லாவிட்டால் அது அப்படியே தங்கிவிடும். தவக்காலத்தில் அனுப்பியிருந்தால், குறிப்பாகப் புனித வாரத்தில், தாமதம் இயல்பே. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின் ஒரு வாரம் கழித்து நினைவூட்டுங்கள்.

"மேதகு ஆயர் அவர்களுக்கு" என்று தொடங்கி, இப்படிக் கேட்கலாம்: "வெள்ளத்துக்குப் பின் வீடு கட்டித் தரப் பயனாளிகளை மறைமாவட்டம் எப்படித் தேர்ந்தெடுத்தது என்பது பற்றி, வரும் மாதத்தில் தங்களுக்கு இசைவான ஒரு நாளில் இருபது நிமிடம் உரையாட விரும்புகிறேன், ஐந்து கேள்விகளை இணைத்துள்ளேன்." துறைத் தலைவரின் ஒப்பமிட்ட கடிதமும் உடன் செல்லட்டும்.

எத்தனை வீடுகள், எவ்வளவு செலவு என்பவற்றை ஆயரிடம் கேட்காதீர்கள். அவற்றை மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கத்தின் இயக்குநரிடம் முன்னரே பெற்றுக்கொண்டால், பிற மதத்தவரும் பட்டியலில் இருந்தார்களா, யாரை மறுக்க நேர்ந்தது என்று ஆயர் மட்டுமே விடை சொல்லக்கூடியவற்றுக்கு அந்த இருபது நிமிடமும் கிடைக்கும். (என் முதல் நேர்காணலில் பாதி நேரம் புள்ளிவிவரத்திலேயே போயிற்று.)

அச்சுக்கு முன் கட்டுரையைக் காட்டச் சொன்னால், அவருடைய கூற்றுகளை மட்டும் சரிபார்க்க அனுப்புவதாகத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள்.