கையெழுத்து வருகைப் பதிவேட்டிலிருந்து மாத வேலை நேரக் கணக்கு

கேள்வி: கையால் எழுதிய வருகைப் பதிவேட்டை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். அதிலிருந்து மாத வேலை நேரத்தை எக்செலில் எடுக்க வேண்டும். படிக்க முடியாத இடங்களில் என்ன போடுவது? காலியாக விட்டுவிடலாமா?

பதில்:

காலியாக விடாதீர்கள். இரவுப் பணி நள்ளிரவைத் தாண்டுவதால் பலரும் `=MOD(C2-B2,1)` என்ற சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். வந்த நேரம் 9:00 என்றிருந்து வெளியேறிய நேரம் காலியாக இருந்தால், எக்செல் அந்தக் காலியைப் பூஜ்யமாக, அதாவது நள்ளிரவாக எடுத்துக்கொண்டு 15 மணி நேரம் என்று காட்டும். நானும் இப்படி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். இரண்டு நேரங்களும் இருந்தால் மட்டுமே கணக்கிடும்படி எழுதுவது பாதுகாப்பானது:

```
=IF(COUNT(B2:C2)=2,MOD(C2-B2,1),"")
```

மாதக் கூட்டுத்தொகை வரும் கட்டத்திற்கு `[h]:mm` வடிவம் கொடுங்கள்; இல்லையென்றால் 24 மணிக்கு மேற்பட்ட தொகை சுருங்கித் தெரியும்.

தாளில் உள்ளதை உள்ளபடியே ஒரு நெடுவரிசையில் எழுத்து வடிவில் தட்டச்சு செய்து, நீங்கள் முடிவுசெய்த நேரத்தை அடுத்த நெடுவரிசையிலும், அது தெளிவானதா, கணித்ததா, படிக்க முடியாததா என்ற நிலையை மூன்றாவதிலும், ஸ்கேன் பக்க எண்ணை நான்காவதிலும் வைத்துக்கொள்ளுங்கள். தாளிலேயே வெறுமையாக இருந்த கட்டமும் படிக்க முடியாத கட்டமும் ஒன்றல்ல என்பதால், அவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் வேண்டும்.

ஐயமான கட்டத்தைத் தீர்க்கப் பெரும்பாலும் பதிவேடே உதவும். ஒருவர் 14ஆம் தேதி 9:00 மணிக்கு வந்திருக்கிறார். மாலையில் வெளியேறிய நேரம் 5:10 என்றும் 6:10 என்றும் படிக்கும்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையின் இறுதியில் மாத மொத்தம் 196:40 என்று எழுதப்பட்டிருக்கிறது. மற்ற நாள்களின் கூட்டுத்தொகை 188:30. மீதி 8:10 என்பதால் அந்த நேரம் 5:10தான்; மேலே உள்ள சூத்திரம் சரியாகக் கணக்கிட, எக்செலில் அதை 17:10 என்று இடுங்கள். ஆனால், மொத்தத்தை எழுதியவரும் தவறியிருக்கலாம். ஆகவே, ஐயமே இல்லாத சில வரிசைகளை முதலில் கூட்டிப் பார்த்து, அவர் எழுதிய மொத்தங்கள் பொருந்தினால் மட்டும் இந்த வழியை நம்புங்கள். ஒரே வரிசையில் இரண்டு கட்டங்கள் படிக்க முடியாதவையாக இருந்தால், மொத்தம் அவ்விரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே சொல்லும். நாள்வாரி நேரத்தைச் சொல்லாது.

இப்படி மொத்தத்தைக் கொண்டு தீர்க்க முடியாதபோது, ஐயமான கட்டத்தின் படத்தை மட்டும் வெட்டி மேற்பார்வையாளருக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். “5:10தானே?” என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும். அவருக்கும் தெரியாவிட்டால், வழக்கமான பணி நேரத்தை நீங்களாக இட்டு நிரப்பாமல், “188:30, ஒரு நாள் நிலுவை” என்று மொத்தத்திற்கு அருகிலேயே குறிப்பிட்டு, சம்பளம் கணக்கிடுபவரின் முடிவுக்கு விடுங்கள்.

மங்கலான பென்சில் எழுத்து கறுப்பு வெள்ளை ஸ்கேனில் மறைந்துவிடும். அசல் பதிவேடு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், சிக்கலான பக்கங்களை மட்டும் வண்ணத்தில் 300 டிபிஐ அளவில் மறுபடி எடுத்துப் பாருங்கள். படிக்க முடியாதவை என்று ஒதுக்கியவற்றில் சில அதிலேயே தெளிந்துவிடும்.