எம்ஓயூ போட்டால் மறுதரப்பு கட்டுப்படுமா?

எம்ஓயூ என்கிற புரிந்துணர்வுக் குறிப்பிலோ, லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்கிற விருப்பக் கடிதத்திலோ கையெழுத்துப் போட்டுவிட்டு ஒருவர் பின்வாங்கினால் கேஸ் போட முடியுமா?

இந்தியாவில் தாளின் தலைப்பை வைத்து இதை முடிவு செய்வதில்லை. பொருள், விலை, அளவு, தேதி எல்லாம் தீர்மானமாகி, இரு தரப்பும் சட்டப்படி கட்டுப்பட நினைத்தது தெரிந்தால், எம்ஓயூ என்று எழுதியிருந்தாலும் அது ஒப்பந்தம்தான். "பின்னர் பேசி முடிவு செய்வோம்" என்று முக்கியமானதே தொங்கிக்கொண்டிருந்தால் அதை அமல்படுத்த எதுவும் இல்லை.

தட்டு மாற்றுவதைப் போலத்தான் லெட்டர் ஆஃப் இன்டென்ட். கல்யாணம் செய்யும் எண்ணத்தைச் சொல்கிறது, ஆனால் தாலி இன்னும் ஏறவில்லை. டிரெஸ்ஸர் ராண்ட் வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: அது பிற்பாடு ஒப்பந்தம் போடும் எண்ணத்தை மட்டுமே காட்டுகிறது, சாதாரணமாக யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் "உடனே வேலையைத் தொடங்குங்கள், இன்ன விலை" என்று அதே கடிதத்தில் இருந்து, கடிதம் பெற்றவரும் தொடங்கிவிட்டால் கதை மாறலாம்.

அப்புறம் ஒரே தாளில் பாதி கட்டுப்படுத்தும், பாதி கட்டுப்படுத்தாது என்றும் எழுதலாம். கடையை வாங்குவது இன்னும் உறுதியில்லை, ஆனால் 60 நாள் வேறு யாரிடமும் பேசக்கூடாது, கணக்குகளை வெளியே சொல்லக்கூடாது என்பது மாதிரி. இந்த வரிகளை மீறினால் நஷ்டஈடு கேட்கலாம்.

முத்திரைத்தாளில் எழுதினால்தான் செல்லும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில் (2010) கையெழுத்தான ஆவணம் இல்லாமல் மின்னஞ்சல்களிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது.